போன வருஷம்தானே போட்டீங்க?

வருஷா வருஷம் போட வேண்டிய ஊசி வேலை செய்யாத ஊசி என்பது எங்கள் தெருவில் முடிந்துபோன தீர்ப்பு. டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். இந்த அக்டோபரில், மழை பிடிப்பதற்குள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் செருப்பை மாட்டியபோது, பதினோராம் வகுப்பு படிக்கும் என் பேத்தியே அதைச் சொன்னாள்.

"போன வருஷம்தானே போட்டீங்க தாத்தா? தட்டம்மை ஊசி எனக்குச் சின்னப் பிள்ளையில ரெண்டு தடவை போட்டதோட சரி. இது மட்டும் ஏன் தீரவே மாட்டேங்குது?"

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். தட்டம்மைக் கிருமியின் மேலுறை பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. அன்று உடம்பு பழகிக்கொண்ட முகமே இன்றும் வருகிறது. ஃப்ளூ கிருமி தன்னை நகலெடுக்கும்போது நிறையப் பிழை விடும். அந்தப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து அதன் மேலுறை மாறிவிடும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கும் செப்டம்பரில் தென்பாதிக்கும், எந்தெந்த வகையை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். பெரும்பாலான ஊசிகளுக்கான கிருமியைக் கோழி முட்டைக்குள்தான் வளர்க்கிறார்கள். முடிவெடுத்து ஊசி கைக்கு வர ஆறு மாதம் போல ஆகும். அதற்குள் கிருமி இன்னொரு பக்கம் திரும்பிவிடலாம்.

திரும்பியும் இருக்கிறது. 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் போட்ட ஊசியில் இருந்தது 2012-இல் டெக்சாஸில் கிடைத்த எச்3என்2 வகை. ஊரில் பரவியதோ அதிலிருந்து விலகிப்போன வேறொன்று. அந்தப் பருவத்தில் ஊசியின் பலன் 19 சதவீதத்தோடு நின்றது. நன்றாகப் பொருந்தும் வருஷங்களில்கூட, ஃப்ளூ வந்து டாக்டரிடம் போகும் வாய்ப்பை அது 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு இன்னும் குறையலாம். ஊசிக்காக வாதாடுகிறவர்கள் இதை மறைப்பதால்தான் டீக்கடைத் தீர்ப்புக்கு இவ்வளவு செல்வாக்கு என்பது என் எண்ணம்.

பேத்தி விடவில்லை. "அப்போ கிருமி மாறாத வருஷம் போட வேண்டாமே?"

நல்ல கேள்வி. அப்படி ஒரு வருஷம் உண்மையிலேயே இருந்தது. வடபாதி நாடுகளுக்கான 2010-11 ஊசியிலும் 2011-12 ஊசியிலும் அதே மூன்று வகைகள்தான், ஒன்றுகூட மாறவில்லை. ஆனாலும் முந்தின வருஷம் போட்டவர்களையும் அமெரிக்காவில் மறுபடி போட்டுக்கொள்ளத்தான் சொன்னார்கள். ஊசியால் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் சில மாதங்களிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது, வயதானவர்களுக்குச் சீக்கிரமாகவே. கிருமி மாறுவது பாதிக் காரணம்தான், மீதி என் உடம்பின் மறதி. "கண்ணாடியை வச்ச இடமே உங்களுக்கு ஞாபகம் இருக்காதே," என்றாள். அதுவும் சரிதான்.

பிறகு கடைசி அம்பை எடுத்தாள். "போன வருஷம் ஊசி போட்ட அஞ்சாம் நாளே காய்ச்சல்ல படுத்தீங்களே?"

தெரு முழுக்க அறிந்த கதை அது. ஊசிதான் காய்ச்சலைக் கொடுத்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். எனக்குப் போட்டது செத்த கிருமியின் துண்டுகள், அதற்குப் பெருகத் தெரியாது. கை வலிக்கும், சிலருக்கு ஓரிரு நாள் உடம்பு சுடும், அவ்வளவே. ஊசி முழுப் பலன் தர இரண்டு வாரம் வேண்டும். ஃப்ளூ தொற்றியவருக்கோ ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் தொடங்கிவிடும். நான் படுத்ததற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் இருமல்காரர்கள் நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே ஒட்டியிருந்தால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் அது ஃப்ளூதான் என்றும் சொல்ல முடியாது. தமிழில் டெங்குவும் காய்ச்சல், டைஃபாய்டும் காய்ச்சல், மழையில் நனைந்து வந்ததும் காய்ச்சல். இந்த ஊசியோ ஃப்ளூ ஒன்றுக்கு மட்டும்தான். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு ஆர்டி-பிசிஆர் சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். செய்யவில்லை. தெரியாத நோயைக் கொண்டுதான் தெரு முழுக்கத் தீர்ப்பு எழுதியது.

"பலன் பாதிதான்னு நீங்களே சொல்றீங்க. அதுக்கா இவ்வளவு தூரம்?"

"எனக்கு 71 வயசு, சர்க்கரை இருக்கு. ஃப்ளூ வந்த முதல் வாரத்துல மாரடைப்பு வர்ற வாய்ப்பு ஆறு மடங்கு ஏறுதுன்னு கனடாவுல ஆஸ்பத்திரிப் பதிவுகளை வச்சு ஆராய்ஞ்சு 2018-ல சொன்னாங்க. அதுல பாதி குறைஞ்சாலும் எனக்கு லாபந்தான்டா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இந்தத் தடவை காய்ச்சல் வந்தா மொதல்ல டெஸ்ட், அப்புறந்தான் பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட பேச்சு."

அவளுக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை. பஸ்ஸில்தான் போனோம்.