அந்தப் பத்து ரூபாய் யாரோட காசு?

ஐப்பசி மழையில ஓடைக்குத் தண்ணி வந்துட்டா, ஞாயிற்றுக்கிழமை எங்க செண்பகத்தோப்புப் பக்கம் கூட்டம் வந்துரும். வரட்டும், தண்ணி எல்லாருக்கும்தான். ஆனா கூட்டம் போன பிறகு பாறை இடுக்குல பாட்டில் கிடக்கும், பாதி உடைஞ்சிருக்கும். போன வருஷம் என் தோப்புக்குக் களை வெட்ட வந்த அக்கா காலில் கண்ணாடி ஏறி ஏழு தையல். அவங்க செருப்பு போட்டிருந்தாங்க. இதே வழியா நடக்குற யானைக்கு அதுவும் கிடையாது.

இதே தொல்லைக்குத்தான், உயர் நீதிமன்றம் வலியுறுத்தி, 2022 மே மாசம் நீலகிரியில டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலா வாங்க ஆரம்பிச்சாங்க. ஸ்டிக்கர் ஒட்டின காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பத்து ரூபாய் கைக்கு வந்துரும். பிறகு கோவை, பெரம்பலூர்னு மத்த மாவட்டங்களுக்கும் வந்துச்சு. நல்ல ஏற்பாடு. குடிச்சவர் வீசிட்டுப் போனாலும், பத்து ரூபாய்க்காக வேற ஒருத்தர் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஆனா இதுல ஒரு கேள்வி இருக்கு. பாட்டில் திரும்பி வராத வரைக்கும் அந்தப் பத்து ரூபாய் யாரோட காசு?

இது எனக்கு மாங்காய்ப் பெட்டியில புரிஞ்ச பாடம். ஒரு சீசன்ல கமிஷன் கடையில 40 பிளாஸ்டிக் பெட்டி எடுத்தேன். பெட்டிக்கு 200 ரூபாய் டெபாசிட், மொத்தம் 8,000. சப்பட்டை எல்லாம் இறக்கி முடிச்சு 37 பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். மூணு காணாமப் போச்சு, அது என் தப்பு. எனக்கு வர வேண்டியது 7,400. கடைக்காரர், "அண்ணாச்சி, இப்ப கையில காசு இல்ல, அடுத்த சீசன்ல கழிச்சுக்குவோம்"னுட்டார்.

காசு எங்க போச்சு? அவர் நோட்டுல என் 8,000 வரவுப் பக்கத்துல, கமிஷனோட கமிஷனா எழுதியிருந்துச்சு. வரவுன்னு நினைச்சதால செலவழிச்சுட்டார். அவர் அதை "கொடுக்க வேண்டியது"ங்கிற பக்கத்துல எழுதியிருக்கணும். பெட்டி கொடுத்த அன்னைக்கு 8,000 கடன். 37 பெட்டி வந்ததும் 7,400 கொடுத்துக் கழிக்கணும். மீதி 600, பெட்டி இனி வராதுன்னு உறுதியாகுற வரைக்கும் கடனாவே நிக்கணும். அது எப்ப உறுதியாகும்? முன்கூட்டியே ஒரு கெடு சொல்லியிருக்கணும், இல்லேன்னா நாலஞ்சு வருஷ அனுபவத்துல எத்தனை பெட்டி வராதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

அந்த 600-ம் முழு லாபம் இல்ல. புதுப் பெட்டி 350 ரூபாய்னு வைங்க. போன மூணு பெட்டிக்குப் பதிலா வாங்க 1,050 ஆகும். 600 போனா, 450 அவர் கையை விட்டுத்தான் போகுது. டெபாசிட்டைக் கம்மியா வச்சா பெட்டி திரும்பாது, ரொம்பக் கூட்டினா என்னை மாதிரி சம்சாரி எடுக்கவே மாட்டான்.

இப்ப பாட்டிலுக்கு வருவோம். நூறு பாட்டில் வித்தா ஆயிரம் ரூபாய் டெபாசிட். எழுபது திரும்பினா 700 கொடுத்தாச்சு, 300 மிச்சம். கமிஷன் கடைக்காரருக்காவது பெட்டி போன நஷ்டம் இருக்கு. இங்க பாட்டில் விலை முதல்லயே சரக்கு விலையில சேர்ந்தாச்சு. அதனால அந்த 300 ரூபாய்க்கு ஈடா விக்கிறவருக்கு நஷ்டம்னு பெருசா எதுவும் கிடையாது. நஷ்டம் முழுக்க ஓடைக்கும், தோப்புக்கும், அந்த அக்கா காலுக்கும்தான். உடைஞ்ச பாட்டிலை யாரும் திருப்பி வாங்கப் போறதும் இல்ல.

அப்படின்னா, வராத பாட்டிலோட காசை வருமானத்துல சேர்க்கக் கூடாதுங்கறது என் கருத்து. சேர்த்தா, பாட்டில் திரும்பாம இருக்கறதே லாபமாயிரும். அப்புறம் "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு", "நாளைக்கு வாங்க"ன்னு சொல்றதுக்கு ஆள் தேடவே வேண்டாம். தனிக் கணக்குல வச்சு, கெடு முடிஞ்சதும் காட்டோரத்துல கண்ணாடி பொறுக்குறவங்க கூலிக்குக் கொடுக்கட்டும். வித்தது எத்தனை, திரும்பினது எத்தனை, கையில நிக்கிறது எவ்வளவுன்னு மாசாமாசம் கடை வாசல்ல எழுதி ஒட்டட்டும். மூணே மூணு எண்தான்.

டவுன்ல இருக்கற நீங்க தண்ணி கேனுக்கு டெபாசிட் கட்டியிருப்பீங்க. வீடு மாத்தும்போது அதைக் கேட்டு வாங்கினீங்களா? கூச்சப்படாதீங்க. அது அவங்க தர்ற சலுகை இல்ல, உங்களுக்குத் தர வேண்டிய கடன்.

என் 7,400 அடுத்த சித்திரையிலதான் கழிஞ்சுது. அதுவரைக்கும் வட்டியில்லாம அவருக்குக் கடன் கொடுத்தது நான்தான்.