சீருடை சொல்லும் முகவரி

பள்ளி திறந்த முதல் நாள். மகளைச் சீருடையில் வாசலில் நிறுத்திப் படமெடுத்த தந்தை, அதை ஓவியமாக மாற்றித்தரும் செயலியில் ஏற்றுகிறார். கேமராவுக்கு இருப்பிட அனுமதி தந்திருந்தால், எடுத்த இடமும் நேரமும் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை ஏற்றினால் இருப்பிடக் குறிப்பு உடன் போகாது. ஆனால் சட்டைப்பையில் இருக்கும் பள்ளி முத்திரையும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும், பின்னால் தெரியும் கதவு எண்ணும் அப்படியே போகும். அவற்றை முன்பே வெட்டி நீக்க வேண்டும். கைபேசியில் அழித்த படம் செயலி நிறுவனத்தின் சர்வரில் தங்கக்கூடும்; கணக்கிலிருந்தும் நீக்கும்படி எழுதிக் கேளுங்கள். எத்தனை நாளில் அழிப்போம் என்று சொல்லாத செயலிக்குக் குழந்தையின் முகத்தைக் கொடுக்காதீர்கள்.