அடுக்ககத்தில் நாயா, பூனையா?

நகரங்களில் இரண்டு அறைகள் கொண்ட அடுக்கக வீடுகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழுவதுண்டு. காப்பகத்திலிருந்து ஒரு செல்லப்பிராணியைத் தத்தெடுக்க வேண்டும். அது நாயாக இருக்கட்டுமா, பூனையாக இருக்கட்டுமா? 'யாருக்கு எது பிடிக்கும்?' என்று கேட்டே பெரும்பாலான வீடுகளில் முடிவு எடுக்கப்படுகிறது. அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வீடு ஒரு நாளில் எத்தனை மணிநேரம் பூட்டிக் கிடக்கிறது?

தில்லியின் துவாரகா பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை காலை ஏழே முக்காலுக்கு மெட்ரோ ரயிலில் அலுவலகம் புறப்படுகிறார். எட்டாம் வகுப்பு மாணவியான மகளும் அதற்குள் பள்ளிக்குச் சென்றுவிடுகிறாள். தாய் எட்டரைக்குக் கதவைப் பூட்டுகிறார். மகள் மூன்று மணிக்குத் திரும்புகிறாள்; ஐந்து மணிக்குத் தனி வகுப்புக்குப் போய்விடுகிறாள். பெற்றோர் வீடு சேர இரவு ஏழு மணி ஆகிறது. ஆக, வீடு காலையில் ஆறரை மணிநேரமும் மாலையில் இரண்டு மணிநேரமும் வெறுமையாக இருக்கிறது. மகள் விரும்புவதோ மூன்று மாத நாய்க்குட்டி.

மூன்று மாத நாய்க்குட்டியால் மூன்று அல்லது நான்கு மணிநேரத்திற்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. அந்த வயதில் அதற்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவும் தேவை. ஆறரை மணிநேரம் தனித்திருக்கும் குட்டி தரையை நனைத்தே தீரும். நாள்தோறும் இவ்வாறு நிகழ்ந்தால், தரையே தனக்குரிய இடம் என்று அது கற்றுக்கொள்கிறது. மாலையில் திரும்பியவர்கள் அதனைக் கண்டிப்பதில் பயனில்லை. காலையில் நடந்ததற்கும் மாலையில் கிடைக்கும் திட்டுக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது. வீட்டார் திரும்பி வருவதைக் கண்டு அஞ்ச மட்டுமே அது கற்கும்.

நாய் நன்றியுள்ள விலங்கு என்பதால் அதுவே சிறந்தது என்பர். அந்த நன்றியைத்தான் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். நாய் கூட்டமாக வாழும் இயல்புடையது, துணையை நாடுவது. தனிமையைத் தாங்காத நாய், வீட்டார் வெளியேறிய அரைமணி நேரத்திற்குள்ளாகவே குரைக்கவும் ஊளையிடவும் கதவைப் பிறாண்டவும் தொடங்கிவிடும். இதனைக் கண்டறிவது எளிது. கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி வீட்டில் வைத்துவிட்டு, ஒரு மணிநேரம் வெளியே சென்று வந்து கேட்டால் போதும். அண்டை வீட்டார் முறையிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்பு மிகுந்த உயிரைப் பூட்டிய வீட்டிற்குள் நாள்தோறும் தவிக்கவிடுவது அதன் நன்றிக்குச் செய்யும் கைம்மாறு ஆகாது.

வெளியே அழைத்துச் செல்வதற்கும் நேரம் வேண்டும். தில்லியின் மே மாத நண்பகலில் சாலை கொதிக்கும். புறங்கையைத் தார்ச்சாலையின் மீது ஏழு நொடிகள் வைத்திருக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அதனைத் தாங்காது. எனவே கோடையில் மகள் மூன்று மணிக்குத் திரும்பினாலும் நாயை வெளியே கூட்டிச் செல்ல இயலாது. விடியற்காலையிலும் இரவிலும் செல்ல வேண்டிய அந்தப் பொறுப்பு, களைத்துத் திரும்பும் பெற்றோர் மீதே விழும்.

பூனையின் நாள் வேறு விதமானது. வளர்ந்த பூனை நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணிநேரம் வரை உறங்குகிறது. விடியலிலும் அந்தியிலுமே அது சுறுசுறுப்பாக இயங்குகிறது. வீட்டார் இருக்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே. கழிவுக்கு அது மணல் நிரப்பிய தட்டைப் பயன்படுத்தும். அதற்காக யாரும் கதவைத் திறக்க வேண்டியதில்லை. பூனைக்குப் பற்று இல்லை என்ற கருத்தும் முழு உண்மையன்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பூனைக்குட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தம்மை வளர்ப்பவரிடம் உறுதியான பற்றுக் கொண்டிருந்தமை தெரியவந்தது.

ஆகவே, துவாரகா குடும்பத்திற்கு ஏற்றது இரண்டு வயதைக் கடந்த ஒரு பூனையே. குட்டி வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. தனித்து விடப்பட்ட குட்டிப்பூனை சலிப்பால் திரைச்சீலையையும் மின்கம்பியையும் கடிக்கும். வளர்ந்த பூனையின் குணத்தையோ காப்பகத்தார் முன்பே அறிந்திருப்பர். தனிமையை அது ஏற்குமா, குழந்தைகளோடு பழகுமா என்று அவர்களிடம் கேட்டறியலாம்.

எனினும், பூனை தொல்லையற்றது என்று எண்ணுவது பிழை. அதனை அழைத்து வரும் முன்னரே மூன்று செய்திகளில் குடும்பம் முடிவுக்கு வந்திருக்க வேண்டும். முதலாவது, வலை. பறவையைக் கண்டு தாவும் பூனை மாடியிலிருந்து தவறி விழுவதுண்டு. கொசுவலை அதன் நகங்களுக்குத் தாங்காது. பால்கனியிலும் சன்னல்களிலும் உறுதியான வலை பொருத்திய பிறகே பூனை வீட்டிற்குள் வர வேண்டும்.

இரண்டாவது, உணவு. நாய் சோற்றையும் முட்டையையும் உண்டு செரிக்கும். பூனையோ இறைச்சியையே நம்பி வாழும் உயிர். இறைச்சியிலுள்ள டாரின் என்னும் சத்து கிடைக்காவிட்டால் அதன் கண்பார்வையும் இதயமும் கெடும். தயிர்ச்சோறும் பாலும் அதற்குப் போதா. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதுமில்லை. புலால் உண்ணாத வீட்டார் இறைச்சி கலந்த பூனையுணவை வீட்டில் வைக்க உடன்படுகிறார்களா என்பதை முன்னதாகவே பேசித் தெளிய வேண்டும். உடன்பாடு இல்லையெனில் பூனையைத் தத்தெடுக்கக் கூடாது.

மூன்றாவது, கவனிப்பு. பூனை தன் நோயை மறைத்துக்கொள்ளும். எனவே மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்பவரே அதன் உடல்நிலையை முதலில் அறிவார். ஆண் பூனை தட்டில் நெடுநேரம் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வெளிவரவில்லையெனில், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து நேரும்.

இவற்றால் நாயே வேண்டாம் என்பது பொருளன்று. ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்து உடன் தங்கும் வீட்டிற்கும், பெற்றோருள் ஒருவர் வீட்டிலிருந்தே பணிபுரியும் வீட்டிற்கும், பழக்கப்பட்ட, வளர்ந்த நாட்டுநாய் நன்கு பொருந்தும். மாறாக, காலையிலும் மாலையிலுமாக இரண்டு மணிநேரம்கூட ஒதுக்க இயலாத வீட்டிற்கு நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டிற்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகள்வரை வாழக்கூடும். எட்டாம் வகுப்பு மாணவி ஐந்து ஆண்டுகளில் கல்லூரிக்குச் சென்றுவிடுவாள். தத்தெடுத்த விலங்கு அப்போது நடுவயதில் இருக்கும். கேட்பவள் மகளாயினும், இறுதிவரை வளர்ப்பவர்கள் பெற்றோரே. அவர்கள் இருவரும் மனமுவந்து இசைந்த பிறகே காப்பகத்தின் படியேற வேண்டும். இடையில் கைவிடப்படும் விலங்கிற்கு, முன்பு தனக்கொரு வீடு இருந்தது என்பது எவ்வகையிலும் உதவாது.