ஒன்றில் இரண்டா, ஒன்று புள்ளி இரண்டா?

மொத்தம் ஐந்து வரிதான். ஈரானியப் பாடப்புத்தகங்களில் வரும் வகையைச் சேர்ந்த ஓர் இயற்பியல் கணக்கு. மின்தூக்கிக்குள் ஒருவர் எடை பார்க்கும் கருவிமேல் நிற்கிறார். மின்தூக்கி மேல்நோக்கிக் கிளம்புகிறது. கருவி எத்தனை நியூட்டன் காட்டும்? மூன்று வினாடி கழித்து மின்தூக்கி எப்படிப் போய்க்கொண்டிருக்கும்? இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர எங்களுக்கு ஒரு முழு மாலை ஆனது.

எங்களுக்கு என்றால், எனக்கும் கோலாலம்பூரில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஓர் ஈரானியப் பெண்மணிக்கும். பாரசீகம் அவருடையது. இயற்பியலும் அதன் ஆங்கிலச் சொற்களும் என் பொறுப்பு. அவருடைய அக்காள் மகன் பதினாறு வயதில் இங்கே வந்து ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். கணக்கு அவனுக்கு நன்றாகவே வரும். சோதனைத் தாளில் இருக்கும் சொல் எது, தன் புத்தகத்துச் சொல் எது என்று இணைத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. ஆண்டிறுதிச் சோதனைக்கு நான்கு மாதம் இருந்தது. அதனால் அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த பயிற்சிகளை ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்கி, கூடவே ஒரு சொற்பட்டியலும் தயாரிக்கலாம் என்று உட்கார்ந்தோம்.

முதல் சிக்கல் சொல்லில் வரவில்லை, எண்ணில் வந்தது. பாரசீக எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்களை நம்மைப் போல இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். முடுக்கத்தின் அளவு என்று அச்சாகியிருந்தது 1/2. அந்த மனிதரின் பொருண்மை 60/0 கிலோகிராம். புவியீர்ப்பு முடுக்கம் 9/8. முதலாவது அரை என்று தோன்றும். இரண்டாவது சுழியத்தால் வகுக்கச் சொல்வது போல இருக்கும்!

ஈரானில் தசமப் புள்ளிக்குப் பதிலாகச் சாய்கோடு போன்ற ஒரு குறியை இடுவது வழக்கம். பாரசீக எண்களில் சுழியமே ஒரு சிறு புள்ளியாகத்தான் எழுதப்படுகிறது. தசமத்துக்கும் புள்ளி வைத்தால் எது சுழியம், எது தசமம் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. உண்மையான பின்னம் வரும்போது கிடைக்கோடு போட்டு மேலும் கீழுமாக அச்சிடுகிறார்கள்.

ஆனால் படியெடுத்த தாளிலோ கையெழுத்திலோ இதை எப்படி உறுதி செய்வது? அதே பத்தியில் நமக்கு முன்பே தெரிந்த ஓர் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே 9/8 இருக்கிறது. அதைப் பின்னமாக எடுத்தால் 1.125 வரும். நிலாவிலேயே ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 1.6. அதையும்விடக் குறைந்த ஈர்ப்பில் தெஹ்ரானில் யாரும் மின்தூக்கி ஏற முடியாது. ஆகவே அது 9.8. அந்த இடத்தில் சாய்கோடு தசமக் குறி என்றால் பக்கத்து வரியிலும் அதுவேதான். முடுக்கம் 1.2, பொருண்மை 60.0.

போட்டுப் பார்த்தோம். மனிதரைத் தரை மேலே தள்ளும் விசைக்கும் அவர் எடைக்கும் உள்ள வேறுபாடுதான் அவரை முடுக்குகிறது. எனவே

F_N = m(g + a) = 60.0 × (9.8 + 1.2) = 660 N

முடுக்கத்தை அரை என்று எடுத்திருந்தால் 618 நியூட்டன் வந்திருக்கும். அதிலுள்ள ஆபத்தைக் கவனியுங்கள். 618 அபத்தமான விடை அல்ல. மின்தூக்கி நின்றுகொண்டிருந்தால் கருவி காட்டுவது 588. மேலே கிளம்பும்போது அது கூட வேண்டும். 618-உம் கூடத்தான் செய்கிறது. பார்த்தவுடன் யாருக்கும் சந்தேகம் வராது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடை 660 என்றிருந்ததால் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. விடை இல்லாத பயிற்சிகளுக்கு அந்த 9/8 சோதனைதான் துணை.

60.0 என்பதிலுள்ள கடைசிச் சுழியத்தை விட்டுவிடலாமே என்று அந்த அம்மா கேட்டார். விடக்கூடாது. 60.0 என்றால் பத்தில் ஒரு கிலோ வரை அளந்திருக்கிறோம் என்று பொருள். எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட தசமக் குறி புள்ளி அல்லது காற்புள்ளி என்று 2003இல் அனைத்துலக எடை, அளவை மாநாடு உறுதிப்படுத்தியது. ஆங்கிலப் பள்ளிக்குப் புள்ளி. சாய்கோட்டை மாற்றினோம், சுழியத்தை விட்டுவைத்தோம்.

இனி சொற்கள். பொருண்மைக்குப் பாரசீகத்தில் ஜெர்ம் என்பார்கள். உயிர்க்குறி இல்லாமல் எழுதும்போது ஜோர்ம் என்ற சொல்லும் அச்சு அசலாக இதே எழுத்துகள்தான். ஜோர்ம் என்றால் குற்றம். அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுப்பவர், 60 கிலோ குற்றம் செய்தவரை மின்தூக்கியில் ஏற்றிவிடுவார். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது, ஏனென்றால் தவறு உடனே தெரிந்துவிடும்.

தெரியாத தவறு மலேசியர்களான நமக்குத்தான் காத்திருக்கிறது. எஸ்பிஎம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஜிசிம் என்றால் பொருண்மை, அதாவது ஆங்கிலத்தில் மாஸ். அது அரபுமொழியின் ஜிஸ்ம், உடல் என்று பொருள். அதே சொல் பாரசீகத்தில் ஜெஸ்ம் ஆகி, இயற்பியல் புத்தகத்தில் 'பொருள்' என்ற இடத்தில் நிற்கிறது: தரையில் கிடக்கும் ஒரு ஜெஸ்ம், அதன் ஜெர்ம் இவ்வளவு என்று கணக்குகள் தொடங்கும். பள்ளியில் பையனின் மலாய் நண்பன் ஜெஸ்ம் என்று கேட்டவுடன் மாஸ் என்று சொல்லிக்கொடுத்தால் இரண்டு சொல்லும் இடம் மாறிவிடும். நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நிறை என்றால் மாஸ். இலங்கைப் புத்தகத்தில் நிறை என்றால் வெயிட், மாஸுக்குத் திணிவு. நம் தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் பொருண்மை. ஒரே மொழி!

எடை பார்க்கும் கருவிக்கு வந்தோம். பாரசீகத்தில் தராஸூயே ஃபனரி, அதாவது வில்சுருள் தராசு. தராஸூ என்ற சொல்தான் நம்மிடம் வந்து தராசு ஆனது, ஆகவே எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. ஆங்கிலத்தில் பேலன்ஸ் என்று எழுதிவிடலாமா என்றார் அந்த அம்மா. எழுதினால் கணக்கே செத்துவிடும். இரண்டு தட்டுத் தராசு பொருளை எடைக்கல்லோடு ஒப்பிடுகிறது. மின்தூக்கி முடுக்கத்தோடு மேலே போனாலும் இரண்டு தட்டும் ஒரே அளவு கூடுதலாக அழுத்தும். முள் அசையாது. வில்சுருள் வைத்த கருவியில்தான் அழுத்தம் கூடினால் அளவும் கூடும். ஸ்பிரிங் பேலன்ஸ் என்றால் சரிதான், ஆனால் நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெயருக்குக் கொக்கியில் தொங்கவிடும் கருவிதான் நினைவுக்கு வரும். மனிதரைக் கொக்கியில் மாட்ட முடியாதே. ஸ்பிரிங் ஸ்கேல் என்று முடிவு செய்தோம். இயற்பியலை வைத்திருப்பது அந்த ஸ்பிரிங் என்ற அடைமொழி. எதைச் சுருக்கினாலும் அதைச் சுருக்கக்கூடாது.

அடுத்து விசை. தரை காலை மேலே தள்ளுவதை நிரூயே அமூதியே சத்ஹ் என்கிறார்கள். சத்ஹ் பரப்பு, நிரூ விசை. அமூதி என்ற நடுச்சொல்லுக்குப் பேச்சு வழக்கில் 'நிமிர்ந்து நிற்கிற' என்று பொருள். வடிவியலில் 'செங்குத்தான' என்று பொருள். ஆங்கிலத்தில் வெர்டிகல் ஃபோர்ஸ் என்று போட்டால் இந்தக் கணக்குக்குப் பழுதில்லை. மின்தூக்கியின் தரை கிடைமட்டம், அதற்குச் செங்குத்து என்பதும் வானத்தை நோக்கி என்பதும் ஒன்றே. ஆனால் இரண்டு பக்கம் தள்ளிச் சாய்தளக் கணக்கு இருந்தது. அங்கே அந்த விசை சாய்வுக்குச் செங்குத்தாக இருக்கும், வானத்தைப் பார்த்து இருக்காது. ஆகவே நார்மல் ஃபோர்ஸ். இங்கே நார்மல் என்றால் வழக்கமான என்று பொருளில்லை, பரப்புக்குச் செங்குத்தான என்று பொருள் எனப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம். சில ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு N என்ற குறியை இடுகின்றன. அப்போது N = 660 N என்று ஒரே எழுத்து இரண்டு வேலை செய்யும். புத்தகத்தில் இருந்த F_N குறியையே வைத்துக்கொண்டோம்.

மூன்று வினாடிக்குப் பிறகு கேட்கப்பட்டது சொர்அத். தெஹ்ரான் சாலையில் கார் ஓட்டுபவர் சொர்அத் என்றால் வேகம்தான். பாடப்புத்தகத்தில் அப்படியில்லை. வேகத்துக்கு, அதாவது ஸ்பீடுக்கு, தொந்தி என்று தனிச் சொல் (நம் தொந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சொர்அத் என்பது வெலாசிட்டி, திசையோடு சேர்ந்த வேகம். மலாயில் லாஜு, ஹலாஜு என்ற பிரிவைப் படித்த நமக்கு இது எளிது. சாதாரண அகராதி சொர்அத் என்பதற்கு ஸ்பீட் என்றே சொல்லும். அதை நம்பினால் பையன் 3.6 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவான். வெலாசிட்டி என்று கேட்டால் வினாடிக்கு 3.6 மீட்டர், மேல்நோக்கி என்று எழுத வேண்டும். அந்த 'மேல்நோக்கி'க்கும் மதிப்பெண் உண்டு.

அலகுகளில் அதிகப் பேச்சில்லை. பாரசீகம் 'மீட்டர் பர் மஜ்ஸூரே ஸானியே' என்கிறது, வினாடியின் வர்க்கத்தின்மேல் மீட்டர் என்பது போல. ஆங்கிலத்தில் மீட்டர் பெர் செகண்ட் ஸ்குவேர்ட். பரப்பளவுக்கு ஸ்குவேர் மீட்டர் என்று முன்னால் வருவது, நேரத்துக்குப் பின்னால் போய்விடும். நியூட்டன் என்ற பெயர் விஞ்ஞானிக்கு வரும்போது பெரிய எழுத்து, அலகுக்கு வரும்போது சிறிய எழுத்து, குறியாகச் சுருக்கினால் மறுபடியும் பெரிய N. பாரசீகத்திலும் தமிழிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாததால், இதை மூலத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. எண்ணுக்கும் குறிக்கும் நடுவே ஓர் இடைவெளி விட வேண்டும்.

பிரெஞ்சிலிருந்து பாரசீகம் எடுத்துக்கொண்ட ஆஸான்ஸோர் என்ற மின்தூக்கியை லிஃப்ட் ஆக்கினோம், பள்ளி பிரிட்டிஷ் ஆங்கிலம் என்பதால்.

பையன் வந்து படித்தான். சொற்களில் தடையில்லை. "எங்கள் வீட்டுக் கருவி கிலோ அல்லவா காட்டுகிறது, நியூட்டன் எங்கே காட்டுகிறது?" என்று கேட்டான். 660ஐ 9.8 ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 67.3 வந்தது. அவர்கள் குடியிருப்பது பதினெட்டாவது மாடி. கருவியைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குப் போய்விட்டான்.