விளைச்சல் பெருகியும் வறுமை நீங்காதது ஏன்?

ஒரு நாடு தன் மண்ணில் விளைந்ததை விற்றுத் தன்னிடம் இல்லாததை வாங்குகிறது. இரு தரப்பாரும் மனமொப்பிச் செய்யும் இக் கொடுக்கல் வாங்கலில் இருவருக்கும் நன்மையே விளையும் என்பது, டேவிட் ரிக்காடோவின் காலம் முதல் பொருளியல் நூல்கள் கற்பித்து வரும் பாடம். அப்பாடம் மெய்யாயின், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கோப்பியையும் கொக்கோவையும் தேயிலையையும் விற்று வந்த நாடுகளுட் பல இன்றும் வறுமையில் உழல்வானேன்? அவற்றை வாங்கிய நாடுகள் மட்டும் செல்வத்தில் ஓங்கியது எங்ஙனம்?

இவ்வினாவைப் புறக்கணிக்க முடியாத வகையில் எழுப்பியவர் ஆர்ஜன்டீனாவைச் சேர்ந்த ராவுல் பிரெபிஷ். 1935 முதல் 1943 வரை அந்நாட்டு மத்திய வங்கியின் முதற் பொது முகாமையாளராக இருந்தவர் அவர். 1930களின் பெருமந்தத்தில் தம் நாட்டின் கோதுமையும் இறைச்சியும் விலை சரிந்ததையும், வாங்கவேண்டிய இயந்திரங்களின் விலை அந்த அளவுக்குச் சரியாததையும் அவர் கண்ணாரக் கண்டார். பின்னர், இலத்தீன் அமெரிக்காவுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணைக்குழுவுக்காக 1949இல் அவர் எழுதிய அறிக்கையில் ஒரு கணக்கைக் காட்டினார். 1876-80 காலப்பகுதியில் ஒரு குறித்த அளவு விளைபொருள் கொடுத்து வாங்கிய கைத்தொழிற் பொருளை 100 எனக் கொண்டால், 1936-38இல் அதேயளவு விளைபொருளுக்குக் கிடைத்தது 64 மட்டுமே. ஹான்ஸ் சிங்கர் என்பாரும் 1950இல் தனித்து ஆராய்ந்து இதே முடிபுக்கு வந்தார்.

இதனையே வர்த்தக மாற்று விகிதத்தின் வீழ்ச்சி என்பர். இதற்குக் காரணம் யாது? பிரெபிஷ் தந்த விளக்கத்தில் இரு கூறுகள் முதன்மையானவை. முதலாவது, நுகர்வின் இயல்பு. ஒரு குடும்பத்தின் வருமானம் இரு மடங்கானால் அது வானொலியும் மோட்டார் வண்டியும் வாங்க நினைக்கும். ஆனால் நாளொன்றுக்கு மூன்று கோப்பை தேநீர் குடித்தவர் ஆறு கோப்பை குடிக்கமாட்டார். உலகின் செல்வம் பெருகப் பெருக இயந்திரப் பொருள்களை நாடுவோர் தொகை விரைந்து வளர்கிறது. தேயிலையின் தேவையோ மெல்ல வளர்கிறது.

இரண்டாவது கூறு இதனினும் ஆழமானது. தொழில் நுணுக்கம் வளரும்போது ஒருவர் உழைப்பில் விளையும் பொருள் மிகும். அந்த மிகுதி யாரைச் சேர்கிறது என்பதே கேள்வி. கைத்தொழில் நாடுகளில் தொழிற்சங்கங்கள் வலுவுற்றிருந்தன. ஆகவே அங்கு ஆலையின் திறன் கூடியபோது, அதன் பயன் உயர்ந்த கூலியாகவும் இலாபமாகவும் உள்நாட்டிலேயே தங்கிற்று. விளைபொருள் நாடுகளிலோ, குறைந்த கூலிக்கும் வேலை செய்ய ஆள் எப்போதும் காத்திருந்தமையால் கூலி உயரவில்லை. திறன் கூடிய அளவுக்குப் பொருள் மலிந்தது. மலிவின் பயனைக் கடல் கடந்திருந்து வாங்கியவர் அனுபவித்தார். இந்நாடுகளை விளிம்பு என்றும், முன்னையவற்றை மையம் என்றும் பிரெபிஷ் அழைத்தார்.

இக்கொள்கையைச் சோதித்துப் பார்க்க நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கையின் ஏற்றுமதி வருவாயிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலிருந்தே வந்தது. அவற்றுள்ளும் தேயிலையே தலையாயது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்களில் உரப் பிரயோகம் பெருகிற்று. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த நல்லினச் செடிகளைத் துண்டங்களாக நட்டு வளர்க்கும் முறையும் பரவிற்று. ஒரே நிலத்தில் முன்னையிலும் அதிகமான கொழுந்து கிடைத்தது. 1950இலிருந்து 1965 வரையான பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று.

வருவாயும் அவ்வாறு ஏறியிருக்கவேண்டும் அல்லவா? ஏறவில்லை. 1950களின் நடுப்பகுதிக்குப் பின்னர் தேயிலையின் உலக விலை தளர்ந்தது. கிழக்காபிரிக்காவில், சிறப்பாகக் கென்யாவில், புதிய தேயிலை நிலங்கள் தோன்றின. ஒவ்வொரு நாடும் கூடுதலாக விளைவித்தே குறையை ஈடுசெய்ய முனைந்தமையால் எல்லோருக்கும் விலை இறங்கிற்று. ஒருவன் செய்தால் அறிவுடைமையாகும் செயல், எல்லோரும் செய்தபோது இழப்பாக முடிந்தது. அதே வேளையில் அரிசியும் மாவும் இயந்திரமும் வாங்கியாக வேண்டியிருந்தது. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்புக் கரையவே 1960-61இல் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பு நூற்றுக்கு 20 குறைக்கப்பட்டது. கூடுதலாக விளைவித்த நாடு குறைவாக வாங்கும் நிலைக்கு வந்தது.

கூலி பற்றிய இரண்டாவது கூறும் இங்குப் பொருந்திற்றா? தோட்டங்களில் உழைத்தோர் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் திரட்டிக் கொணரப்பட்டோரும் அவர் வழிவந்தோருமே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை வாக்குரிமை அற்றவராக்கின. சங்கம் இருந்தது, ஆனால் சட்டசபையிற் குரல் இல்லை. உற்பத்தித் திறன் கூடிய காலத்திலேயே அதிற் பங்கு கேட்கும் வலிமை அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பிரெபிஷ் பொதுவாகச் சொன்ன ‘கூலியுயர்த்தும் வலுவின்மை’ மலைநாட்டில் சட்டத்தின் வடிவில் வந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

எனினும், இக்கொள்கைக்கு எழுந்த மறுப்புக்களையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். பிரெபிஷின் கணக்குப் பிரித்தானிய வர்த்தகப் புள்ளிவிபரங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கு இறக்குமதியின் விலையிற் கப்பற் கூலியும் அடங்கும். ஏற்றுமதியின் விலையில் அது அடங்காது. நீராவிக் கப்பல்களால் ஏற்றுகூலி குறைந்தபோது, உற்பத்தியாளன் பெற்ற விலை குறையாவிடினும் குறைந்தது போலத் தோன்றும். மேலும், 1938இன் இயந்திரம் 1880இன் இயந்திரத்திலும் சிறந்தது. விலை ஒப்பீடு அச்சிறப்பைக் கணக்கிடாது. பிற்காலத்தார் இவற்றைத் திருத்திப் பார்த்தனர். அவர்களுட் பலர் வீழ்ச்சி உண்மையே என்றும், ஆயின் அது மெதுவானது, பொருளுக்குப் பொருள் வேறுபடுவது என்றும் கண்டனர்.

இன்னொரு மறுப்பு வலிமை மிக்கது. 1960இல் தென்கொரியாவின் தலா வருமானம் இலங்கையினதை ஏறக்குறைய ஒத்திருந்தது. அதுவும் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட நாடே. உலகச் சந்தையிலிருந்து விலகாமல், அதனுள் நின்றே அது உயர்ந்தது. விளிம்பு நாடுகளின் வறுமை உலக முதலாளித்துவத்தினால் ஆக்கப்பட்டது, அதனோடு கொண்ட உறவை அறுத்தாலன்றி மீட்சியில்லை என்று 1966இல் எழுதிய ஆந்திரே குண்டர் பிராங்கின் கூற்றுக்கு இது பெரும் இடர்ப்பாடு. 1974இல் தம் ஆய்வின் முதற் பாகத்தை வெளியிட்ட இம்மானுவேல் வாலர்ஸ்டீன், மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே அரைவிளிம்பு என ஒரு படியை வைத்தார். சில நாடுகள் படியேறலாம், சில இறங்கலாம், படிகள் மட்டும் நிலைக்கும் என்பது அவர் கருத்து. அது கொரியாவுக்கு இடம் கொடுக்கிறது; ஆனால் ஏறியது கொரியாவாக இருந்ததேன், இலங்கையாக இல்லாததேன் என்பதைச் சொல்லவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பப் பெரிதும் உதவுவது நம் நாட்டுப் பொருளியலாளர் எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட, தாழ்வளர்ச்சியின் அரசியற் பொருளியலை ஆராயும் ஆங்கில நூல். தோட்டத்துறை நவீனமானது, கிராமத்து விவசாயம் பழைமையானது எனப் பலரும் பிரித்துப் பேசினர். தோட்டமே பின்தங்கிய உற்பத்திமுறை என்று அவர் அதனைத் தலைகீழாக்கினார். தோட்டங்களை நடத்தியவை கொழும்பு ஏசென்சிக் கம்பனிகள். உரம் வாங்கிக் கொடுத்தும், தேயிலையை விற்றும், கப்பலேற்றியும் அவை தரகு பெற்றன. கைமாறும் சரக்கின் அளவிலேயே அவற்றின் ஆதாயம் தங்கியிருந்தது; புதிய பொறியைப் புகுத்தி உற்பத்திமுறையை மாற்றும் தேவை அவற்றுக்கு இல்லை. மலிந்த உழைப்பு இருக்கையில் இயந்திரம் எதற்கு? வணிகன் உற்பத்தியை ஆளும் இடத்தில் தொழிலதிபன் தோன்றமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆகவே, நோய் வாணிபத்தில் மட்டும் இல்லை. வாணிபத்துக்குப் பின்னால் உற்பத்தி யார் கையில், எத்தகைய உறவில் நடக்கிறது என்பதிலும் இருக்கிறது. கொரியாவில் 1950இன் நிலச்சீர்திருத்தம் பழைய நிலக்கிழாரை அகற்றிற்று. பின்னர் அரசு மலிவான கடனைக் கொடுத்தபோது, ஏற்றுமதி இலக்கை எய்தியவர்க்கே அதனைக் கொடுத்தது. அமெரிக்க உதவியும் பெருமளவிற் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது.

இலங்கையும் வாளாவிருக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் உடைமை மாறிற்றேயன்றி உற்பத்தி உறவு மாறவில்லை. அதே வரிசைக் குடியிருப்பு, அதே நாட்கூலி, அதே கொழுந்துக் கூடை. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. ஆடைத் தொழில் தேயிலையை முந்திற்று. அதிலும் துணியின் பெரும்பகுதி வெளியிலிருந்து வர, இங்கு நிகழ்வது பெரும்பாலும் தையலே. வடிவமைப்பும் வணிகப் பெயரும் கடையும் மையத்தில் இருக்கின்றன. பொருள் மாறிற்று, படி அதிகம் மாறவில்லை. 2022 ஏப்பிரிலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என நாடு அறிவித்தமைக்கு வரிக்குறைப்பும் தவறான கடன்முறையும் உடனடிக் காரணங்கள். ஆயினும், இறக்குமதிக்குப் போதிய செலாவணியை ஏற்றுமதி ஈட்டித் தராத பழைய குறை அவற்றின் அடியில் இருந்தது.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. இந்த விலைக்கு இந்தக் கூலி கட்டாது என்பது அவற்றின் வாதம். பிரெபிஷ் 1949இல் விவரித்த சூழல், எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், அதே சொற்களில் நம் முன் நின்றது. ஒரு நாடு விளிம்பிலிருந்து விலகுகிறதா என்பதை ஏற்றுமதித் தொகையை மட்டும் பார்த்து அறிய முடியாது. உழைப்பின் திறன் கூடும்போது, கூடிய பயன் உழைத்தவரிடமும் நாட்டிடமும் தங்குகிறதா, அன்றி விலைக்குறைவாக வெளியே வழிந்தோடுகிறதா என்று பார்க்கவேண்டும். தேயிலையைப் பொறுத்தவரை அக்கேள்விக்குரிய விடையை லயத்து வீட்டின் வரவு செலவே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.