ஒரு சொட்டு தண்ணீர்கூட வீணாகல... ஆனா பங்கீடு நியாயமா? கீழ்பவானி வாய்க்கால் சொல்லும் 'பரேட்டோ' கணக்கு

பவானிசாகர் அணையில் கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டம் வரை சுமார் 200 கிலோ மீட்டர் ஓடுகிறது. இந்த மண் வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமா, வேண்டாமா என்பதில் கொங்கு மண்டல விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். "தண்ணீர் கசிந்து வீணாகுது, கான்கிரீட் போடுங்க" என்றது ஒரு தரப்பு. "அந்தக் கசிவுதான் எங்க கிணத்துக்கு உயிர்" என்றது இன்னொரு தரப்பு.

இதில் யார் சொல்வது சரி? இதற்குப் பதில் தேட பொருளாதாரத்தில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. பெயர், பரேட்டோ செயல்திறன்.

அது என்ன 'பரேட்டோ'?

வில்ஃப்ரெடோ பரேட்டோ என்ற இத்தாலியப் பொருளாதார அறிஞர் (1848-1923) சொன்ன விஷயம் இது. ஒருத்தருக்கு நஷ்டம் வராமல் இன்னொருத்தருக்கு லாபம் தர முடியும் என்றால், இப்போதைய ஏற்பாட்டில் எங்கேயோ வீணடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு வழியே மிச்சமில்லை, இனி யாருக்குக் கூட்டிக் கொடுத்தாலும் இன்னொருவரிடம் பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அதுதான் பரேட்டோ செயல்திறன். அவ்வளவுதான்.

கவனிங்க, இந்த விளக்கத்தில் 'நியாயம்' என்ற வார்த்தையே இல்லை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று இது கேட்பதே இல்லை.

10 நாள் தண்ணீர், 2 விவசாயிகள்

ஒரு கிளை வாய்க்காலில் 10 நாள் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நம்பி இரண்டு விவசாயிகள். ஒவ்வொரு நாள் தண்ணீர் கூடினாலும் இருவருக்குமே பலன் உண்டு.

முதல் ஏற்பாடு: மேல்மடைக்காரருக்கு 9 நாள், கடைமடைக்காரருக்கு 1 நாள். ஒரு சொட்டு வீணில்லை. கடைமடைக்காரருக்கு இன்னொரு நாள் வேண்டும் என்றால் மேல்மடைக்காரர் ஒரு நாளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆக, இது பரேட்டோ செயல்திறன் உள்ள ஏற்பாடு.

இரண்டாவது ஏற்பாடு: இருவருக்கும் 5 நாள். இதுவும் செயல்திறன் உள்ளதுதான்.

மூன்றாவது ஏற்பாடு: இருவருக்கும் 4 நாள், மீதி 2 நாள் தண்ணீர் ஓடையில் போய்விடுகிறது. இது செயல்திறன் இல்லாதது. அந்த 2 நாளைப் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லாமல் இருவருக்கும் லாபம்.

இப்போ கடைமடைக்காரரிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வார்? வீணடிப்பே இல்லாத முதல் ஏற்பாட்டில் அவருக்கு 1 நாள். வீணடிப்பு உள்ள மூன்றாவதில் 4 நாள். மூன்றாவதே மேல் என்பார். செயல்திறன் உள்ள எல்லா ஏற்பாடும், செயல்திறன் இல்லாத எல்லாவற்றையும் விட நல்லது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

சமூகத்தில் சிலர் ஆடம்பரத்தில் மிதக்க, மற்றவர்கள் பட்டினியில் கிடந்தாலும், அது பரேட்டோ செயல்திறன் உள்ள நிலையாக இருக்க முடியும் என்று அமர்த்தியா சென் 1970-லேயே எழுதினார்.

பவானியில் யாருக்கு எவ்வளவு?

இந்தக் கணக்கு பவானி ஆற்றில் நிஜமாகவே ஓடுகிறது. அணை 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே கொடிவேரி அணைக்கட்டிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், பவானிக்கு அருகே காலிங்கராயன் வாய்க்காலும் இருந்தன. இவை பழைய ஆயக்கட்டு. மொத்தம் சுமார் 40,000 ஏக்கர். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு போகம்.

அணை வந்த பிறகு உருவான கீழ்பவானி ஆயக்கட்டு 2.07 லட்சம் ஏக்கர். இங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆகஸ்ட்டில் நன்செய் பயிருக்குத் தண்ணீர். மறு பாதிக்கு அதன் பிறகு கடலை, எள் போன்ற புன்செய் பயிருக்கு மட்டும். அடுத்த ஆண்டு முறை மாறும்.

புது ஆயக்கட்டுக்குள்ளே 'முறை வைத்து' நியாயம் பார்த்தார்கள். ஆனால் பழசுக்கும் புதுசுக்கும் இடையே? பழைய பாசனத்திலிருந்து தண்ணீரைச் சும்மா எடுத்துப் புதியதற்குத் திருப்பினால் பழைய விவசாயிக்கு நஷ்டம். பரேட்டோ அளவுகோல் அந்த மாற்றத்தை 'முன்னேற்றம்' என்று ஒத்துக்கொள்ளாது. அதேநேரம் இப்போதைய பங்கீடு சரி என்றும் அது சொல்லவில்லை. யார் முதலில் வந்தார்களோ அவர்களின் பங்கை அப்படியே தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பல நூற்றாண்டு உரிமை பெரிதா, பாதித் தண்ணீருடன் காத்திருக்கும் ஏக்கர்கள் பெரிதா என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்காது.

கான்கிரீட் போட்டால் யாருக்கு நஷ்டம்?

2020-ல் வாய்க்காலைச் சீரமைக்க தமிழக அரசு சுமார் 709 கோடி ரூபாய் திட்டத்துக்கு அரசாணை போட்டது. கசிவை நிறுத்தினால் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்பது வாதம். கேட்டால், மூன்றாவது ஏற்பாட்டில் ஓடையில் போன 2 நாள் தண்ணீரை மீட்பது போலவே இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை போலத் தெரிகிறது.

ஆனால் கசிந்த தண்ணீர் எங்கே போனது? ஒரு கற்பனைக் கணக்கு: 100 பங்கு தண்ணீர் விட்டால் 40 பங்கு மண்ணில் இறங்குகிறது. அதில் 25 பங்கு வாய்க்கால் ஓரக் கிணறுகளில் ஊறுகிறது. உண்மையில் வீணானது 15 மட்டுமே. கான்கிரீட் போட்டு முழு 40-ஐயும் கடைமடைக்கு அனுப்பினால், 15 மீட்கப்பட்டது. ஆனால் 25 மீட்கப்படவில்லை, கைமாறியது. கிணற்றுப் பாசனக்காரர் இழந்தார், கடைமடைக்காரர் பெற்றார்.

அதனால்தான் 2022, 2023-ல் போராட்டங்கள் வெடித்தன. எதிர்த்தவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்றோ, கேட்டவர்கள் சுயநலவாதிகள் என்றோ சொல்லிவிட முடியாது. தங்கள் ஆயக்கட்டுக்கு உரிய தண்ணீரைக் கடைமடைக்காரர் கேட்டார். பல வருஷமாக நம்பியிருந்த ஊற்றைக் கிணற்றுக்காரர் காக்கப் பார்த்தார்.

'நஷ்ட ஈடு கொடுக்கலாமே?'

இங்கே பொருளாதாரம் இன்னொரு அளவுகோலை நீட்டுகிறது. லாபம் அடைந்தவர்கள், நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கட்டிய பிறகும் மிச்சம் இருந்தால் திட்டம் நல்லது என்பது அந்த வாதம். 1939-ல் நிக்கோலஸ் கால்டரும் ஜான் ஹிக்ஸும் முன்வைத்தது.

இதில் ஒரு சிக்கல். ஈடு கொடுக்க 'முடியும்' என்றாலே போதும், நிஜமாகவே கொடுக்க வேண்டும் என்று அந்த அளவுகோல் கட்டாயப்படுத்துவதில்லை. உண்மையில் ஈடு கைக்கு வந்தால்தான் அது பரேட்டோ முன்னேற்றம். வராவிட்டால், ஒருவர் வயலிலிருந்து இன்னொருவர் வயலுக்குத் தண்ணீர் மாறியது என்றே அர்த்தம்.

ஆகவே அடுத்த முறை 'வீணடிப்பைத் தடுக்கிறோம்' என்று ஒரு திட்டம் வந்தால் மூன்று கேள்விகள் போதும். வீண் என்று சொல்லப்படுவது இப்போது யாருக்காவது பயன்படுகிறதா? அவருக்கு ஈடு உண்டா, அல்லது காகிதத்தில் மட்டும்தானா? கணக்கு தொடங்கும்போதே யாருக்கு 9 நாள், யாருக்கு 1 நாள்? முதல் இரண்டுக்கு கால்டரும் பரேட்டோவும் உதவுவார்கள். மூன்றாவதை அரசும் ஆயக்கட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.