"ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க!"

இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்க இன்று அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிட வேலையால் எனக்கு ஒரு பழைய சிநேகம் கசந்தது.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர். போடிமெட்டு ஏறி அப்பால் போனால் ஏலமலை. அங்கே தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு 20 வருடப் பழக்கம். என் தங்கை மகனின் நண்பன் ஒருவன் சென்னையில் ஏலக்காயைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினான். தோட்டத்திலேயே வாங்க வேண்டும் என்றான். நான் உடனே வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கும் ஒரு குழு தொடங்கினேன். இப்படி எழுதினேன்:

"அண்ணே, நம்ம பையன். ஏலக்காய் வேணுமாம். எனக்காகப் பார்த்துச் செய்ங்க. ரெண்டு பேரும் பேசிக்கிடுங்க."

அது செப்டம்பர் மாதம். காய் பறிக்கும் காலம். பறித்த பச்சைக் காயை அன்றே ஸ்டோரில் ஏற்றி, இரவெல்லாம் சூடு பார்த்து உலர்த்த வேண்டும். அந்த நேரத்தில் பையன் நாளுக்கு மூன்று முறை கூப்பிட்டான். பெரியவரால் மறுக்க முடியவில்லை. 10 கிலோவைக் கடனாகக் கொடுத்தார். பணம் இரண்டு மாதம் கழித்து வந்தது.

பையன் மோசக்காரன் அல்ல. அவனுக்கு வேண்டியது 8 மில்லிமீட்டருக்குக் குறையாத பருங்காய். வந்ததோ கலப்புக் காய். அவனாலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இருவரும் என் முகத்துக்காகச் சகித்துக்கொண்டார்கள்.

தவறு என்னுடையதுதான். அவர்கள் சம்மதத்தைக் கேட்பதற்கு முன்பே இருவருடைய எண்ணும் ஒருவர் கையில் ஒருவருக்குப் போய்விட்டது. "எனக்காக" என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அதன் பிறகு மறுத்தால், அது பையனை மறுப்பதல்ல, என்னை மறுப்பது!

கலியாணத் தரகர் இப்படிச் செய்வாரா? முதலில் ஜாதகம் போகும். பிடிக்காவிட்டால் "பொருத்தம் இல்லை" என்று தரகரிடம் சொல்லிவிடுவார்கள். இரு வீட்டாரும் நேரில் பார்த்ததே இல்லை, ஆகவே மனத்தாங்கலும் இல்லை. வியாபாரத்துக்கு மட்டும் ஏன் அந்த வழி கூடாது?

அடுத்த வருடம் வேறொரு கடைக்காரர் அதே உதவியைக் கேட்டார். இந்த முறை எவ்வளவு வேண்டும், எந்த அளவு, பணம் எப்போது என்று அவரிடம் முதலில் கேட்டேன். அதைப் பெரியவரிடம் சொல்லலாமா என்றும் கேட்டுக்கொண்டேன். பிறகு பெரியவருக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பினேன்:

"அண்ணே, வணக்கம். மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் 8 மில்லிமீட்டர் காய் 25 கிலோ வாங்க விரும்புகிறார். சரக்கு கைக்கு வந்ததும் பணம் தருவதாகச் சொல்கிறார். அவரை எனக்கு ஒரு வருடமாகத் தெரியும்; கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டதில்லை. உங்கள் எண்ணை அவருக்குக் கொடுக்கவில்லை. விருப்பம் இருந்தால் என்ன விலை, எப்போது பேசலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். இது பறிப்புக் காலம். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளில் பதில் இல்லாவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு அவரிடம் நானே சொல்லிவிடுவேன்."

இதில் பையனுக்குக் கொடுத்தது போன்ற "நம்ம பையன்" பட்டம் இல்லை. எனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று எழுதிவிட்டேன். மறுப்பு என்னிடம்தான் வரும், கடைக்காரர் கண்ணில் படாது. பதில் எழுதாமல் இருப்பதே ஒரு பதில் என்றும் சொல்லியாயிற்று. அலுத்துப்போன மனிதருக்கு இதைவிட வேறு என்ன சௌகரியம் வேண்டும்?

பெரியவர் சம்மதித்திருந்தால், அவர் சொல்லும் விலையைக் கடைக்காரருக்குத் தனியாக எழுதியிருப்பேன். அவருக்கும் அதே சலுகை: கட்டுப்படியாகாவிட்டால் ஒரு வரி போதும். அவரும் சரி என்ற பிறகே இருவர் பெயரையும் To என்ற இடத்தில் போட்டு ஒரே கடிதம். அதன் கடைசி வரி இது: "இனி நீங்கள் இருவரும் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் எனக்கு விளக்கம் வேண்டாம். பதில் எழுதும்போது என் முகவரியை Bcc-க்கு மாற்றிவிடுங்கள்." அப்படி மாற்றினால் அந்த ஒரு பதில் எனக்கு வரும், அதன்பின் அவர்கள் பேசும் விலை, பேரம் எதுவும் என்னிடம் வராது. நடுவில் ஆள் நின்றால் பேரம் பேசவும் கூச்சம், முறிக்கவும் கூச்சம்.

இவ்வளவு கடிதமா, அதற்குள் சரக்கே விற்றுப் போகுமே என்று என் மனைவி கேட்டாள். போகலாம்தான். அவசரச் சரக்குக்கு ஏலம் இருக்கிறது. மின்னஞ்சல் பார்க்காதவருக்கு இதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பலாம். குழு மட்டும் வேண்டாம்.

நான்காம் நாள் பெரியவரிடமிருந்து பதில் வந்தது: "இந்த வருஷம் வேண்டாம் தம்பி." கடைக்காரரிடம் "இப்போது தோதுப்படவில்லை" என்றேன். சரி என்று அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் பெரியவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். பஸ் நிலையத்தில் என்னைக் கண்டதும் அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.